கேட்காத கேள்விக்குக் கணினி சொல்லும் பதில்: பிரித்த வினாப்படிவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி டெல்டாவில் தலைஞாயிறு பக்கம் ஒரு சர்வே. மடைத் தண்ணீர் எப்போது வந்தது, எத்தனை நாள் முறை வைத்தார்கள், மோட்டார் வாடகை எவ்வளவு என்று அரை மணி நேரம் கேட்டு முடித்துவிட்டு எழுந்தேன். திண்ணையில் இருந்த பெரியவர் விடவில்லை. "ஏன் தம்பி, தண்ணியப் பத்தி இவ்வளவு கேட்டீங்க, கடன் எங்க வாங்குனேன்னு கேக்கவே இல்லியே? ரெண்டும் ஒண்ணுதானே?"

அவருக்குக் கடன் கேள்விகள் இல்லாத படிவம் விழுந்திருந்தது. அடுத்த வீட்டில் கடன் மட்டும் கேட்போம், அதற்கடுத்த வீட்டில் நெல் விற்பனை மட்டும். மொத்தக் கேள்வியையும் ஒருவரிடமே கேட்டால் ஒன்றரை மணி நேரம் ஆகும், பாதிக்கு மேல் பதில் சலித்துப்போகும் என்று பிரித்திருந்தோம். விட்டுப்போன பாகங்களைப் பிறகு புள்ளியியல் முறையில் நிரப்பிக்கொள்ளலாம் என்பது திட்டம். இந்த முறையை 1995-இல் ராகுநாதன், கிரிஸில் என்ற இருவர் ஒழுங்காக வகுத்து எழுதினார்கள். முறையில் கோளாறு இல்லை. நாங்கள் பிரித்த விதத்தில்தான் கோளாறு. பெரியவர் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டார், எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

முதலில் அந்தத் தவறையே பார்த்துவிடுவோம். மற்றவை இதைவிடச் சின்னவை.

எல்லா வீட்டிலும் கேட்கும் பொதுப்பாகம் ஒன்று: எத்தனை மா நிலம், சொந்தமா குத்தகையா, தலைமடையா கடைமடையா. அதற்கு மேல் மூன்று பாகங்கள்: தண்ணீர், கடன், விற்பனை. 600 வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் சீட்டுப் போட்டு மூன்றில் ஒரு பாகம். ஆக 200 வீட்டில் தண்ணீர், 200-இல் கடன், 200-இல் விற்பனை. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் தண்ணீரும் கடனும் சேர்த்துக் கேட்கப்பட்ட வீடு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் தாமதமானவர்கள் வட்டிக்கடைக்குப் போனார்களா என்ற கேள்விக்குத் தரவில் ஒரு சாட்சியும் கிடையாது.

நிரப்பும் மென்பொருள் இதைச் சொல்லாது. மறுக்காமல் 600 வீட்டையும் நிரப்பிக் கொடுத்துவிடும். அது எதை வைத்து நிரப்புகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். (எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.) 600 வீட்டில் 300 கடைமடை, 300 தலைமடை. கடைமடையில் 240 வீட்டுக்கும் தலைமடையில் 60 வீட்டுக்கும் தண்ணீர் தாமதம். தாமதமான வீடுகளில், எந்த மடையானாலும், 60 சதவீதம் வட்டிக்கடையில் வெளிக்கடன் வாங்கியவர்கள். நேரத்துக்குத் தண்ணீர் வந்த வீடுகளில் 30 சதவீதம். அதாவது உண்மையான இடைவெளி 30 புள்ளி.

இப்போது நிரப்பும் மென்பொருளுக்குத் தெரிவது என்ன? கடன் கேட்ட வீடுகளிலிருந்து, கடைமடையில் 54 சதவீதமும் தலைமடையில் 36 சதவீதமும் வெளிக்கடன் வாங்கினார்கள் என்பது மட்டும் தெரியும். வீட்டுக்கு வீடு தண்ணீர் எப்படி என்பது கடனோடு சேர்ந்து தெரியாது. எனவே கடைமடைக்காரர் என்றால் 54, தலைமடை என்றால் 36 என்று நிரப்புகிறது. நிரப்பிய தரவில் தாமதமான 300 வீட்டில் வெளிக்கடன் 50.4 சதவீதம், தாமதமாகாத 300-இல் 39.6 சதவீதம். 30 புள்ளி இடைவெளி சுமார் 11 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. பொதுப்பாகத்தில் மடைக் கேள்வியும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த 11-ம் மிஞ்சியிருக்காது. அறிக்கை படிப்பவர் "தண்ணீருக்கும் கடனுக்கும் பெரிய தொடர்பில்லை" என்று முடிவு கட்டுவார். டெல்டாவில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

சங்கிலி முறையில் மாறி மாறி நிரப்பும் மென்பொருளானால் வேறொரு வேடிக்கை நடக்கும். சேர்த்துக் கேட்கப்படாத ஜோடியின் தொடர்பைப் பிடித்து நிறுத்தத் தரவே இல்லாததால் அது ஓட ஓட அலைந்துகொண்டே இருக்கும். தொடக்க விதை எண்ணை மாற்றினால் விடையும் மாறும். அப்படி மாறினால் உடனே சந்தேகப்படுங்கள். அதற்கு முன்பே, படிவம் அச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே, பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பத்து வரிப் போலித் தரவை வைத்து, எந்தக் கேள்வியும் எந்தக் கேள்வியும் எத்தனை வீட்டில் சேர்ந்து கேட்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் அது. R-இல் இது ஒரே வரி:

```
library(mice)
md.pairs(d)$rr
```

d என்பது அந்தத் தரவு. வரும் கட்டத்தில் எங்காவது 0 இருந்தால் அந்த ஜோடியைப் பற்றி உங்கள் சர்வே எதுவும் சொல்லாது.

சரி, திருத்துவது எப்படி? ஒரு பாகத்துக்குப் பதிலாக இரண்டு பாகம் கொடுங்கள். தண்ணீர்–கடன் 200 வீடு, கடன்–விற்பனை 200, தண்ணீர்–விற்பனை 200. இப்போது ஒவ்வொரு ஜோடிக்கும் 200 சாட்சி. வீட்டுக்கு நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் முழுப்படிவத்தைவிடக் குறைவுதான். குத்தகைக்காரர்களில் தண்ணீர் தாமதமாகி, வெளிக்கடனும் வாங்கி, நெல்லையும் வியாபாரியிடமே போட்டவர்கள் யார் என்பது போல மூன்றையும் சேர்த்த கேள்வி உங்களுக்கு வேண்டுமென்றால் ஜோடி போதாது. ஒவ்வொரு ஜோடிக்கும் 180 வீடு வைத்து, மீதி 60 வீட்டில் முழுப்படிவமும் கேளுங்கள்.

அடுத்தது, நிரப்பியதைக் கேட்டதாக நினைத்துக்கொள்வது. ஜோடிப் பிரிவு சரியாகச் செய்தவர்களும் இதில் வழுக்குவார்கள். ஒரே ஒரு முறை நிரப்பி, 600 வரியையும் எடுத்து, 600 பேர் பதில் சொன்னது போலத் திட்டப்பிழை, அதாவது விடை எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு, போடுவார்கள். மேலே சொன்ன இடைவெளிக்கு 600 வீட்டின் திட்டப்பிழை சுமார் 3.9 புள்ளி. ஆனால் தண்ணீரும் கடனும் உண்மையில் சேர்ந்து கேட்கப்பட்டது 200 வீட்டில். 100-க்கு 100 என்று வைத்தால் அங்கே திட்டப்பிழை 6.7 புள்ளி. மற்ற 400 வீடுகள் பொதுப்பாகத்தின் வழியாகவும் விற்பனை வழியாகவும் கொஞ்சம் உதவும், அதற்கு மேல் இல்லை. தண்ணீர் எத்தனை பேருக்குத் தாமதம் என்ற தனிக் கேள்விக்கு 400 வீடு இருக்கிறது. தொடர்பைப் பற்றிய கேள்விக்கு 200-தான். ஒரே சர்வேயில் கேள்விக்குக் கேள்வி பலம் வேறுபடும் என்பதை அறிக்கை படிப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இதற்காகத்தான் பலமுறை நிரப்புவது. 20 தடவை வெவ்வேறாக நிரப்பி, ஒவ்வொன்றிலும் கணக்குப் போட்டு, புள்ளியியலாளர் ரூபினின் விதிப்படி சேர்க்கிறோம்: `T = W + (1 + 1/m)B`. T என்பது மொத்த மாறுபாடு, m என்பது எத்தனை தடவை நிரப்பினோம் என்பது, W என்பது ஒவ்வொரு நிரப்பலுக்குள்ளும் இருக்கும் மாறுபாட்டின் சராசரி, B என்பது நிரப்பலுக்கு நிரப்பல் விடை எவ்வளவு ஆடுகிறது என்பது. ஒரே தடவை நிரப்பினால் B-யை அளக்கவே வழியில்லை, பிழை சின்னதாகத் தெரிவது அதனால்தான்.

```
d1  <- subset(d, nilam > 0)
imp <- mice(d1, m = 20, seed = 12)
fit <- with(imp, lm(kadan ~ thamatham + kadaimadai))
summary(pool(fit))
```

அந்த முதல் வரி ஏன்? அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். நிலமில்லாத கூலி வேலைக்காரர் வீட்டில் "உங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது" என்ற கட்டம் காலியாக இருக்கும். தண்ணீர்ப் பாகம் விழாத மிராசுதார் வீட்டிலும் அதே கட்டம் காலி. கணினிக்கு இரண்டும் ஒன்றே. நாங்கள் முதலில் நிரப்பியபோது ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டுக்குக் குறுவைத் தண்ணீர் ஒன்பது நாள் தாமதம் என்று வந்தது! படிவத்திலேயே "பொருந்தாது", "இந்தப் படிவத்தில் இல்லை", "சொல்ல மறுத்தார்" என்று மூன்று தனி எண் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. நிரப்ப வேண்டியது நடுவில் உள்ளது. மூன்றாவதையும் காலியாக விட்டால் அதையும் சேர்த்தே மென்பொருள் நிரப்பும், ஆனால் அது சீட்டில் விழுந்த வெற்றிடம் அல்ல. கடனைச் சொல்ல மறுத்தவர் கடன் உள்ளவராகவே இருக்கலாம். அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நிரப்பும் கணித மாதிரியிலும் ஊர் நிலவரம் இருக்க வேண்டும். கூட்டுறவுச் சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்க வி.ஏ.ஓ. தரும் அடங்கல் சான்று வேண்டும். வாய்வழிக் குத்தகைக்காரர் பலருக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே தண்ணீர் தாமதமானால் அவர் வெளிக்கடனுக்குப் போவது சொந்த நிலக்காரரைவிட வேகமாக இருக்கும். மாதிரியில் குத்தகையையும் தாமதத்தையும் பெருக்கிய உறுப்பு இல்லாவிட்டால், நிரப்பிய வீடுகளில் இரு சாராரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். குத்தகைக்காரரையும் சொந்த நிலக்காரரையும் தனித்தனியாக நிரப்பிப் பிறகு சேர்ப்பது இன்னும் எளிது, இரண்டு பக்கமும் வீடு போதுமான அளவு இருந்தால்.

இனி களம். சீட்டு கணினியில் ஒழுங்காக விழுந்திருக்கும், வயல்வரப்பில் மாறியிருக்கும். கடன் படிவத்தை நீட்டினால் முகம் சுளிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பாளர் விற்பனைப் படிவத்தை எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் தூக்கச் சுலபம் என்று ஒரு ஊருக்கு ஒரே கட்டாகப் படிவம் போகும். அப்போது கடைமடையான வேதாரண்யம் பக்கம் முழுக்கக் கடன், பாபநாசம் பக்கம் முழுக்கத் தண்ணீர் என்று ஆகி, கடன் என்றால் கடைமடை என்றாகிவிடும். சீட்டை வீட்டு எண்ணோடு முன்கூட்டியே அச்சிட்டு, ஒவ்வொரு ஊருக்குள்ளும் மூன்று படிவமும் சமமாக இருக்கும்படி கொடுங்கள். வாரா வாரம், பொதுப்பாகத்தை மட்டும் எடுத்துப் படிவ வாரியாகக் குத்தகைக்காரர் பங்கை ஒப்பிடுங்கள். சீட்டு சீட்டாகவே இருந்தால் மூன்றிலும் அது கிட்டத்தட்ட ஒன்றாக வரும். ஒன்றில் 20 சதவீதம், இன்னொன்றில் 41 என்று வந்தால் படிவம் கைமாறியிருக்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். தண்ணீர்–கடன் ஜோடி ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தபோது சம்பா அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்ட 200 வீட்டில் சீட்டுப் போட்டு 60 வீட்டைத் தேர்ந்து, ஞாபகம் மங்குவதற்குள் திரும்பப் போய்க் கடன் பாகத்தைக் கேட்டோம். பெரியவர் வீடு அந்தச் சீட்டில் விழவில்லை, விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 60 வீட்டை வைத்துப் பார்த்தால் மேலே சொன்னது போன்ற 30 புள்ளி இடைவெளிக்குத் திட்டப்பிழை சுமார் 12 புள்ளி. இரு பக்கமும் இரண்டு திட்டப்பிழை தள்ளிப் பார்த்தால், உண்மை 6-க்கும் 54-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். தொடர்பு இருக்கிறது என்று சொல்ல அது போதும், எவ்வளவு என்று சொல்லப் போதாது. அறிக்கையிலும் அப்படியே எழுதினோம்.