எக்செலில் தேதி நாலு வருடம் பின்னால் போனால்: 1904 டிக்கைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறைக்குத் துணி அனுப்பிய சலான்களைக் குடோனில் ஒரு எக்செல் ஃபைலில் பதிகிறார்கள். மாதக் கடைசியில் அந்தத் தேதிகளைக் காப்பி செய்து ஆபீஸ் ஃபைலில் ஒட்டுகிறார்கள். குடோன் ஃபைலில் 14-08-2025 என்று இருந்தது, ஆபீஸ் ஃபைலில் 13-08-2021 என்று வருகிறது. "என்னங்க இது, நாலு வருசத்துக்கு முந்தின சலானை அனுப்பி வெச்சிருக்கீங்க?" என்று கணக்குப் பிள்ளை போன் செய்வார். குடோன்காரர் தன் ஃபைலைத் திறந்து பார்ப்பார். அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும்.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. வழக்கமான ஃபைலில் 01-01-1900 என்பது 1. இன்னொரு கணக்கில் 01-01-1904 என்பது 0. எந்தக் கணக்கு என்பதை ஃபைலின் அமைப்பில் Use 1904 date system என்ற ஒரு டிக் தீர்மானிக்கிறது, டிக் இருந்தால் 1904 கணக்கு. பழைய மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர்களின் காலண்டர் 1904-இல்தான் தொடங்கியது, அதனால் மேக் எக்செல் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டது. விண்டோஸ் எக்செல் அப்போது பிரபலமாக இருந்த லோட்டஸ் 1-2-3-ஐ ஒட்டி 1900-ஐ வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடைவெளி 1462 நாள், அதாவது நாலு வருடமும் ஒரு நாளும். 14-08-2025 என்பது 1900 கணக்கில் இருக்கும் ஆபீஸ் ஃபைலில் 45883, 1904 கணக்கில் இருக்கும் குடோன் ஃபைலில் 44421. காப்பி செய்யும்போது அந்த 44421 அப்படியே வந்து 1900 கணக்கில் உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் 13-08-2021.

வருடம் தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம். ஆபத்து எங்கே என்றால், நம் ஊர் ரிஜிஸ்டர்களில் பலர் தேதியை 14-Aug என்று வருடம் இல்லாமல் வைத்திருப்பார்கள். அப்போது கண்ணுக்குத் தெரிவது 13-Aug மட்டும்தான். ஒரு நாள் குறைகிறது, யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்று கையால் திருத்த ஆரம்பிப்பார்கள். ஆகவே எல்லா வரியிலும் ஒரே மாதிரி ஒரு நாள் குறைந்தால் கையால் திருத்தாதீர்கள். முதலில் செல்லின் வடிவத்தை dd-mm-yyyy என்று மாற்றி வருடத்தைப் பாருங்கள்.

எந்த ஃபைலில் டிக் இருக்கிறது?

இரண்டு ஃபைலிலும் ஒரு காலி செல்லில் இதை அடியுங்கள்:

```
=TEXT(DATE(1904,1,1),"0")
```

1462 வந்தால் 1900 கணக்கு. 0 வந்தால் 1904 கணக்கு. மெனுவில் பார்க்க வேண்டும் என்றால் விண்டோஸில் File > Options > Advanced போய்க் கீழே இறங்குங்கள். When calculating this workbook என்ற பகுதியில் Use 1904 date system என்று இருக்கும். இந்த டிக் கம்ப்யூட்டருக்கு உரியது அல்ல, அந்த ஒரு ஃபைலுக்கு உரியது. அதனால்தான் பழைய ஃபைலை Save As போட்டுப் புது மாதத்துக்குப் பெயர் மாற்றினாலும் டிக் கூடவே வந்துவிடும்.

டிக்கை எடுத்துவிட்டால் போதாதா?

போதாது, இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிக்கை எடுத்தாலும் போட்டாலும் செல்லில் இருக்கும் எண் மாறுவதில்லை. குடோன் ஃபைலில் டிக்கை எடுத்தால் அதுவரை சரியாக இருந்த எல்லாத் தேதியும் 2021-க்குப் போய்விடும். அதைப் பார்த்துப் பதறி ஃபைலை மூடிவிடாதீர்கள், திரும்ப டிக் போட்டால் பழையபடி வந்துவிடும்.

அவசரத்துக்கு ஒட்டிய இடத்தில் சரிசெய்வதே நல்லது. முதலில் ஆபீஸ் ஃபைலை ஒரு நகல் எடுத்து வையுங்கள். தேதிகள் B நெடுவரிசையில் இருந்தால், பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் இப்படி:

```
=IF(B2="","",IF(ISNUMBER(B2),B2+1462,B2))
```

கீழே வரை இழுத்துவிட்டு, அந்த நெடுவரிசைக்கு dd-mm-yyyy வடிவம் கொடுங்கள். 13-08-2021 இருந்த வரியில் 14-08-2025 வர வேண்டும். இரண்டு மூன்று சலானைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் காப்பி செய்து, B-யின் மேலேயே Paste Special > Values என்று ஒட்டிவிட்டுத் துணை நெடுவரிசையை அழித்துவிடலாம். ISNUMBER எதற்கு என்றால், சிலர் தேதியை எழுத்தாக அடித்திருப்பார்கள். அவை இந்த வம்பில் மாட்டுவதே இல்லை, அவற்றைத் தொடக்கூடாது.

1462-ஐ ஒரு செல்லில் அடித்துக் காப்பி செய்து, Paste Special-இல் Values, Add இரண்டையும் தேர்ந்தெடுத்து ஒட்டுகிற வழியும் உண்டு. வேகமான வழிதான். ஆனால் இடையில் காலி செல்கள் இருந்தால் அவற்றிலும் 1462 ஏறி 01-01-1904 என்று நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஃபார்முலா வழியையே சொல்வேன்.

டிக்கை யார் போட்டிருப்பார்கள்?

மேக்கிலிருந்து வந்த பழைய ஃபைல் ஒரு காரணம். ஆனால் நம் பக்கத்தில் நான் சந்தேகப்படுவது நைட் ஷிஃப்ட்டைத்தான். இரவு 8:30-க்கு வந்து காலை 6:00-க்குப் போனவரின் நேரத்தைக் கணக்கிட, போன நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்து =C2-B2 என்று போட்டால் ######## என்று வரும், ஏனென்றால் 1900 கணக்கில் மைனஸ் நேரத்தைக் காட்ட முடியாது. யாராவது "1904-ஐ டிக் பண்ணுங்க, சரியாயிடும்" என்பார்கள். டிக் பண்ணினால் அந்த # குறிகள் மறைந்து -14:30 என்று வரும். அதுவும் தப்புதான், அவர் வேலை செய்தது ஒன்பதரை மணி நேரம். இதற்குச் சரியான ஃபார்முலா:

```
=MOD(C2-B2,1)
```

இதற்கு 9:30 வரும், டிக் தேவையே இல்லை.

இப்படி நடுவில் டிக் போட்ட ஃபைலில் இன்னொரு சிக்கல் இருக்கும். டிக்குக்கு முன் அடித்த 14-08-2025 இப்போது 15-08-2029 என்று நிற்கும். டிக்குக்குப் பின் அடித்தவை சரியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கழித்தால் பாதி கெட்டுவிடும். வருடத்தைப் பார்த்து, தப்பானவற்றுக்கு மட்டும் கழிக்க வேண்டும்:

```
=IF(B2="","",IF(ISNUMBER(B2),IF(YEAR(B2)>2027,B2-1462,B2),B2))
```

2027 என்பது உங்கள் ஃபைலைப் பொறுத்தது. அதில் உண்மையாகவே வரக்கூடிய கடைசி வருடத்தைப் போடுங்கள். கெடு தேதி, செக் தேதி போன்று வருங்காலத் தேதிகள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

எல்லாத் தேதியும் சரியான பிறகு குடோன் ஃபைலை 1900-க்கு மாற்றிவிடலாம். டிக்கை எடுத்ததும் தேதிகள் பின்னால் போகும், உடனே மேலே சொன்ன +1462 ஃபார்முலாவைப் போட்டு மீட்டுவிடுங்கள். ஷீட் ஷீட்டாகப் பார்க்க வேண்டும், மறைத்து வைத்த ஷீட்டிலும் தேதி இருக்கலாம். இரண்டு ஃபைலையும் லிங்க் போட்டு இணைத்திருந்தால் அந்த லிங்க் ஃபார்முலாவின் கடைசியில் யாராவது முன்பே +1462 சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் மாற்றிய அன்றே அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே தேதி இப்போது நாலு வருடம் தள்ளி வருங்காலத்தில் போய் நிற்கும்.

லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கு இதே அமைப்பு Tools > Options > LibreOffice Calc > Calculate என்ற இடத்தில் Date என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அங்கே மூன்று தொடக்க நாள்கள் இருக்கும், வழக்கமானது 12/30/1899.