ஒன்றுக்கு ஆறா, ஒன்றுக்கு நான்கா? கட்டு, பூச்சு, தரை ஒவ்வொன்றுக்கும் கலவை ஏன் மாறுகிறது

சித்தப்பா வீட்டின் மேற்குச் சுவரைப் பூசிய அன்று நான் வேறு வேலையில் இருந்தேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கொத்தனாரே, சிமெண்டில் கஞ்சத்தனம் வேண்டாம், இன்னும் இரண்டு சட்டி போடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கொத்தனாரும் இரண்டு முறை மறுத்துப் பார்த்துவிட்டு, "சரிங்க ஐயா" என்று ஒன்றுக்கு மூன்று கலவையில் பூசி முடித்துவிட்டார். நான்காம் மாதம் அந்தச் சுவர் முழுக்க வறண்ட ஏரியின் தரையைப் போல மெல்லிய விரிசல்கள். விரல் முட்டியால் தட்டினால் சில இடங்களில் பொக்கைச் சத்தம் கேட்டது. சிமெண்ட் அதிகமானால் சுவர் பலமாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கான பதில்தான் இந்தப் பதிவு. வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் கலவைத் தொட்டியின் பக்கத்தில் நிற்கும்போது இது உதவும்.

முதல் படி: விகிதத்தை அளக்கும் பெட்டி

ஒன்றுக்கு ஆறு என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். எடையில் இல்லை, கன அளவில். ஐம்பது கிலோ மூட்டையில் ஏறக்குறைய 35 லிட்டர் சிமெண்ட் இருக்கிறது. எனவே உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள ஒரு பெட்டியைத் தச்சரிடம் செய்து வாங்குங்கள். அது நிறைந்தால் சரியாக ஒரு மூட்டை அளவு. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஆறு பெட்டி மணல் என்று எண்ணிவிடலாம். சட்டிக் கணக்கு வேண்டாம். சித்தாள் குவித்து எடுத்தால் ஓர் அளவு, வழித்து எடுத்தால் இன்னோர் அளவு. மாலையில் களைத்துப்போன பிறகு அதுவும் மாறும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈர மணல் உப்பிக்கொள்ளும். மணல் துகளைச் சுற்றிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைப்பதால், அதே எடையுள்ள மணல் அதிக இடம் பிடிக்கிறது. இதைப் பார்க்க, நேர்ப்பக்கமுள்ள கண்ணாடிக் குவளையில் ஈர மணலை அழுத்தாமல் 10 செ.மீ. உயரம் வரை போடுங்கள். நீர் மேலே நிற்கும்வரை ஊற்றிக் கிளறி, அடங்க விடுங்கள். மணல் 8 செ.மீ.க்கு இறங்கினால் அது 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அந்த மணலை ஆறு பெட்டி போட்டால் உண்மையில் நாலே முக்கால் பெட்டிதான் விழுகிறது. யாரும் சிமெண்டைக் கூட்டாமலே ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு ஐந்தை விடவும் கெட்டிக் கலவையாகிவிடும். மழைக்காலத்தில் நான் ஏழரைப் பெட்டி போடச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

இரண்டாம் படி: சிமெண்ட் உள்ளே என்ன செய்கிறது

மணல் சுருங்காது. சுருங்குவது சிமெண்டும் தண்ணீரும் கலந்த பசைதான். நன்றாகக் கலந்த மணலில் துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும். ஒன்றுக்கு மூன்று கலவையில் அந்த இடைவெளி ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் போடும் சிமெண்ட் இடைவெளியை நிரப்புவதில்லை, மணலை விலக்கிவிட்டுத் தானே இடம் பிடிக்கிறது. அங்கே சுருங்குவதைத் தடுக்க மணலின் எலும்புக்கூடு இல்லை. சிமெண்ட் கூடினால் இளக்கத் தண்ணீரும் கூடும், அது உலரும்போது சுருக்கமும் கூடும். ஒன்றுக்கு மூன்று என்பது ஓர் எல்லை, அதற்குள்ளும் எவ்வளவு வேண்டும் என்பதை வேலைதான் முடிவு செய்கிறது.

மூன்றாம் படி: செங்கல் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு

ஒன்பது அங்குலச் சுவரில் கலவை செய்யும் வேலை, கல்லின் மேல் கல் அசையாமல் உட்கார வைத்து எடையைச் சமமாகப் பரப்புவது. ஒன்றுக்கு ஆறு கலவை சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் அளவு தாங்கும். ஒன்றுக்கு நான்கு 7.5 நியூட்டன் தாங்கும். நம் சூளைகளில் வாங்கும் சாதாரணச் செங்கல் பெரும்பாலும் 3.5 முதல் 5 வரை இருக்கும். கல்லை விடக் கெட்டியான கலவை கல்லுக்கு நண்பன் இல்லை.

சுவர் அசையாமல் நிற்பதில்லை. வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கும். அடித்தளம் சிறிதளவு இறங்கும். கலவை மென்மையாக இருந்தால் அந்த அசைவு ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் அடங்கிவிடும். கலவை கல்லை விடக் கெட்டியாக இருந்தால் இணைப்பு விட்டுக்கொடுக்காது. அசைவெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, செங்கல்லையே பிளந்துகொண்டு ஒரே அகலமான வெடிப்பாக வெளிவரும். இணைப்பில் வந்த விரிசலைச் சுரண்டி அடைக்கலாம். கல்லையே பிளந்த வெடிப்புக்குக் கல்லை மாற்ற வேண்டும்.

நாலரை அங்குலச் சுவர் மட்டும் விதிவிலக்கு. அது ஒற்றை வரிசைக் கல், மெலிது, தடுமாறும். அதற்கு ஒன்றுக்கு நான்கு வேண்டும், மூன்று நான்கு வரிசைக்கு ஒருமுறை நடுவில் கம்பியும் வைக்க வேண்டும்.

கட்டுவதற்கு முன் செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைக்காமல் விட்டால், எந்த விகிதமும் வீண். உலர்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகாமல் மாவாகவே நிற்கும்.

நான்காம் படி: பூச்சு

இங்கேதான் சித்தப்பா தவறினார். பூச்சு ஒரு தோல். எடை தாங்காது, ஒட்டிக்கொண்டிருப்பதே அதன் வேலை. பூசுபவர்களின் பழைய விதி ஒன்று உண்டு: மேல் படலம் அடிப்படலத்தை விடக் கெட்டியாக இருக்கக் கூடாது. கெட்டியான மேல்பூச்சு சுருங்கும்போது, அதற்குக் கீழுள்ள மென்மையான செங்கல்லின் முகத்தையே இழுத்துப் பெயர்க்கும். முதலில் ஒட்டு விடும், பிறகு பொக்கை விழும், அதன் பிறகு அதற்குள் மழைநீர் புகும்.

உட்சுவருக்கு 12 மி.மீ. தடிப்பில் ஒன்றுக்கு ஆறு அல்லது ஒன்றுக்கு ஐந்து போதும். வெளிச்சுவர் மழையை எதிர்கொள்வதால் ஒன்றுக்கு ஐந்து, அல்லது கடலோரம் போன்ற இடங்களில் ஒன்றுக்கு நான்கு. ஆனால் 20 மி.மீ. தடிப்பை ஒரே மூச்சில் பூசாமல், 12 மி.மீ. முதலில், அது இறுகிய பின் 8 மி.மீ. அடுத்து. உட்கூரைக்கு மட்டும் ஒன்றுக்கு மூன்று போடுவது பலருக்குக் குழப்பமாக இருக்கும். அது கான்கிரீட், அதாவது பூச்சை விடக் கெட்டியான அடித்தளம். பூச்சும் மெல்லியது, தலைகீழாகத் தொங்க வேண்டும், பிடிப்பு அதிகம் தேவை. கான்கிரீட் வழுவழுப்பாக இருந்தால் முதலில் கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும்.

விகிதம் சரியாக இருந்தும் ஒரு வழியில் மேற்பரப்பு மட்டும் கெட்டியாகும். பூச்சு நீர்த்திருக்கும்போது சில கொத்தனார்கள் உலர் சிமெண்டைக் கையால் தூவி, அது நீரை உறிஞ்சியதும் கரண்டியால் அழுத்தித் தேய்ப்பார்கள். பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரில் மணலே கிடையாது. சுண்டு விரல் நகத்தால் கீறினால் உரியாத அந்த அழகான படலம்தான் முதலில் வலை வலையாக வெடிக்கும். மணற்பலகையால் தேய்த்து, மணல் மேலே தெரியும்படி விடுவது எனக்குப் பிடித்த முடிப்பு.

சித்தப்பாவின் சுவர் இருபதடி நீளம், பத்தடி உயரம், அதாவது 200 சதுர அடி. 20 மி.மீ. தடிப்புக்கு ஏறக்குறைய அரை கன மீட்டர் உலர்ந்த கலவை. சேதாரம் சேர்க்காமல் ஒன்றுக்கு ஐந்தில் இரண்டரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுக்கு மூன்றில் மூன்றரை மூட்டைக்கும் மேல். கூடுதல் மூட்டைக்கான பணம் போனது சின்ன இழப்பு, அது வாங்கித் தந்தது விரிசல்தானே.

ஐந்தாம் படி: தரை

தரை என்று சொல்லும்போது எந்த அடுக்கு என்று கேளுங்கள். டைல்ஸுக்குக் கீழே விரிக்கும் கலவை கான்கிரீட்டின் மேல் படுத்துக்கொண்டு மேலிருந்து வரும் எடையை மட்டும் வாங்குகிறது. அதற்கு ஒன்றுக்கு ஐந்து அல்லது ஆறு, அதுவும் உதிரியாக. கையில் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. டைல்ஸ் ஒட்டுவதற்கான பிடிப்பு மேலே பரப்பும் சிமெண்ட் பாலிலிருந்து வருகிறது. படுக்கையை ஒன்றுக்கு மூன்றாக்கினால் அது சுருங்கி ஓரங்களில் மேலெழும், கொஞ்ச நாளில் டைல்ஸ் நடக்கும்போது சத்தம் போடும்.

சிமெண்ட் தரை வேறு. காலும் துடைப்பமும் தேய்க்கும் முகம் அது, எனவே மேலடுக்கில் சிமெண்ட் அதிகம் தேவை. சுருக்கமும் அதிகம் வரும் என்பதை ஏற்றுக்கொண்டுதான், பழைய கொத்தனார்கள் கண்ணாடிப் பட்டைகளால் தரையைச் சிறிய கட்டங்களாகப் பிரித்தார்கள். சுருங்கட்டும், ஆனால் பட்டை ஓரத்தில் சுருங்கட்டும் என்ற கணக்கு.

விரிசலைப் படிப்பது எப்படி

பூச்சில் வலைபோல ஒழுங்கற்ற கட்டங்களாக வந்தால் சிமெண்ட் மிகுதி அல்லது நீராற்றாமல் விட்டது காரணம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக வந்தால் அது விகிதத்தால் வந்ததில்லை. அங்கே கம்பி வலை வைக்காமல் பூசியிருப்பார்கள். படிக்கட்டு போல இணைப்புகளில் ஏறினால் அடித்தளத்தைப் பாருங்கள். மறுபுறம், நாணயத்தால் கீறியதும் மணல் பொலபொலவென்று கொட்டினால் கலவையில் சிமெண்ட் குறைவு, அல்லது மணலில் மண் அதிகம்.

சித்தப்பா வீட்டில் தட்டிப் பார்த்துச் சாக்கட்டியால் வட்டமிட்டோம். ஒன்பது இடங்கள். அந்த வட்டங்களைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தோம், ஓரங்களைச் சதுரமாக வெட்டி நீர் தெளித்து, ஒன்றுக்கு ஐந்தில் இரண்டு படலமாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் நீர் தெளித்தோம். ஒட்டு விடாத மெல்லிய விரிசல்களை அப்படியே விட்டு, வெளிச்சுவர் வண்ணத்துக்கு முன் அடைத்துவிட்டோம். கலவை போடும் அன்று சித்தப்பா மீண்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்த முறை கொத்தனார் பெட்டியை எண்ணும்போது அவரும் சத்தமாக எண்ணினார். ஐந்துக்கு மேல் போகவில்லை.