டிவி வயரைச் சுவருக்குள் புதைக்காதீர்கள்

சுவரில் மாட்டிய டிவிக்குக் கீழே கறுப்பு வயர்கள் தொங்குவது கண்ணை உறுத்தும். அதை மறைக்க, பூச்சைக் கொத்திக் காடி எடுத்து, டிவியின் பவர் வயரையே உள்ளே திணித்து சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். என் மைத்துனர் வீட்டில் வயர் நீளம் போதவில்லை என்று ஓர் எக்ஸ்டென்ஷன் வயரையும் இணைத்து, அந்த இணைப்பையும் சேர்த்தே பூசியிருந்தார்கள்!

அந்த மெல்லிய வயர் திறந்த வெளியில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. சுவருக்குள் இணைப்பு தளர்ந்து சூடானாலும், ஆணி அடித்து உறை கிழிந்தாலும் வெளியே தெரியாது. வயரை மாற்றவும் சுவரைத்தான் உடைக்க வேண்டும். பிவிசி பைப் பதித்து, அதற்குள் எர்த்தோடு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்து, டிவிக்குப் பின்னால் ஒரு சாக்கெட் வைப்பதே சரி. அதற்கான சுவிட்ச் கைக்கு எட்டும் உயரத்தில், டிவிக்கு வெளியே இருக்கட்டும்.

சாக்கெட்டை எங்கே வைப்பது என்பதில்தான் அடுத்த சறுக்கல். சாக்கெட்டில் செருகிய பிளக், வயரோடு சேர்த்து நாலைந்து செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒட்டி மாட்டும் பிராக்கெட்டில் சுவருக்கும் டிவிக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ.தான் கிடைக்கும். மைத்துனர் வீட்டில் பிறகு வைத்த சாக்கெட்டிலும் இதே தவறு நடந்தது. டிவியின் முதுகு பிளக்கை அழுத்த, வயர் அடிப்பகுதியிலேயே மடிந்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. டிவி அவ்வப்போது தானாக அணைந்து மறுபடி ஓடியது. பழுது டிவியில்தான் என்று முதலில் நினைத்தோம். கழற்றிப் பார்த்தபோது பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தது. சாக்கெட் பெட்டியை 3 செ.மீ. உள்ளிறக்கி, பிராக்கெட்டின் இரும்பு படாதபடி ஒரு பக்கமாகத் தள்ளி வைத்த பிறகே தொல்லை தீர்ந்தது.

எச்டிஎம்ஐ, டிஷ் கேபிள்களை மின்சார வயர் போகும் பைப்பிலேயே விடுவதும் தவறு. மின் வயரின் உறை எங்காவது உரசிப் பிய்ந்தால் மின்சாரம் சிக்னல் கேபிள் வழியே செட்டாப் பாக்ஸ் வரை வந்துவிடலாம். அவற்றுக்குத் தனிப் பைப் வேண்டும், அதுவும் அகலமாக. எச்டிஎம்ஐ கேபிளின் தலை ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். 25 மி.மீ. பைப்பில் நேராகப் போனாலும் வளைவில் சிக்கிக்கொள்ளும். தலையை வெட்டி உள்ளே விட்டு, பிறகு முறுக்கி டேப் சுற்றலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அந்தக் கேபிளில் படம் வராது. 50 மி.மீ. பைப், செங்குத்தான எல்போவுக்குப் பதில் நீண்ட பெண்ட், உள்ளே ஒரு நைலான் கயிறு. நாளை கேபிள் மாற்ற நேர்ந்தால் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்குக் கொத்து வேலையே வேண்டாம். சுவரின் மேலேயே மின் வயருக்கு ஒன்று, சிக்னல் கேபிளுக்கு ஒன்று என வயரை உள்ளே விடும் இரண்டு கேசிங் பட்டைகள் ஒட்டி, சுவர் நிறத்தையே அவற்றுக்கும் அடித்தால் போதும்.

சுவரைப் பூசி மூடும் முன், பைப் போகும் பாதையை அளவு நாடாவோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிவிக்குக் கீழே அலமாரி மாட்ட டிரில்லோடு வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.