மினிமம் டியூ கட்டிவிட்டால் வட்டி வராதா?

கிரெடிட் கார்டு பில்லைக் கட்டப் போனால் செயலியில் இரண்டு தொகை தெரியும். மொத்த நிலுவை 40,000, மினிமம் டியூ 2,000. மாசக் கடைசியில் கை தானாக இரண்டாவதைத்தான் தொடும். என் தம்பியும் அப்படித்தான் தொட்டான். "டியூ கட்டிட்டேனே, அப்புறம் எதுக்குண்ணா வட்டி?" என்று அடுத்த பில்லோடு வந்து நின்றான்.

மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, தவணை தவறியவர் என்ற பெயரும் வராது. அவ்வளவுதான். வட்டி அதனால் நிற்காது.

அவன் கணக்கையே பாருங்கள். ஜூன் 5 அன்று 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினான். ஜூன் 20 பில் தேதி, ஜூலை 10 கடைசி நாள். அன்றைக்கு 2,000 கட்டினான். மீதி 38,000-க்கு ஜூலை 10-லிருந்துதான் வட்டி என்று நினைத்திருந்தான். முழுசாகக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்தாகி, ஃபிரிட்ஜ் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறிவிட்டது. மாதம் 3.5 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42. முதல் 35 நாளைக்கு 40,000 மீது சுமார் 1,611 ரூபாய், அடுத்த 10 நாளைக்கு 38,000 மீது 437. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 369. மொத்தம் 2,417. கட்டியது 2,000. ஜூலை 20 பில்லில் கடன் 40,417 ஆகிவிட்டது. இத்தனைக்கும் புதிதாக ஒரு ரூபாய்க்குக்கூட அவன் கார்டைத் தேய்க்கவில்லை.

அடுத்த மாதம் வட்டியும் வரியும் ஏறக்குறைய 1,650. அப்போது இரண்டாயிரம் கட்டினால் அசலில் குறைவது முந்நூற்றைம்பதுதான். சரி, குறைகிறதே என்று அதே கார்டில் 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் கடன் மறுபடியும் ஏறும். பழைய பாக்கி இருக்கும்வரை அந்த மளிகைக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான். பாக்கி தீரும்வரை அந்தக் கார்டை வெளியே எடுக்காதீர்கள்.

ஆட்டோ டெபிட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் மினிமம் டியூ தேர்வாகியிருந்தால், உங்களுக்குத் தெரியாமலே மாதாமாதம் இதுதான் நடந்துகொண்டிருக்கும். மொத்த நிலுவைக்கு மாற்றுங்கள்.

மொத்தத்தையும் கட்ட முடியாத மாதத்தில் முடிந்த அளவு கட்டுங்கள், அதுவும் கடைசி நாள்வரை காத்திருக்காமல். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால், முன்னதாகக் கட்டும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் தினம் ஒரு ரூபாய்க்கு மேல் மிச்சம். பாக்கி பெரிதென்றால் வங்கியிடம் கேட்டு இஎம்ஐ ஆக மாற்றலாம். வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுசாக அடைத்த பிறகு வரும் பில்லிலும் சின்னதாக ஒரு வட்டி இருக்கும். பில் தேதியிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள்வரைக்கான வட்டி அது. தவறென்று நினைத்து விட்டுவிடாமல் அதையும் கட்டிவிடுங்கள்.