ஸ்கிரீன்ஷாட்டில் வந்த 38 கருத்துகளைப் பிரித்து எண்ணிய விதம்

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் தண்ணீர் பற்றி கூகுள் ஃபார்மில் ஒரு கேள்வி கேட்டிருந்தோம். பதில்கள் என் கைக்கு வந்தது வாட்ஸ்அப்பில், மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளாக. எந்தக் குறையை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று மனுவில் எழுத வேண்டும். ஃபார்மின் ஷீட் கிடைக்குமானால் அதையே கேட்டு வாங்குங்கள், கீழே உள்ளதில் பாதி வேலை மிச்சம். படம்தான் கிடைக்கும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். பிறகு கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, Open with, Google Docs என்று கொடுங்கள். படத்துக்குக் கீழே எழுத்துகள் தனியாக வந்து நிற்கும். தமிழும் வரும். அதை கூகுள் ஷீட்டில் A நெடுவரிசையில், A2 முதல், வரிசைக்கு ஒரு கருத்தாக ஒட்டுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நீளமான கருத்து படத்தில் மூன்று வரியாக மடங்கியிருந்தால் ஷீட்டிலும் மூன்று வரிசையாக விழும். அவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்த்த பிறகும் எனக்கு 40 வந்தது. ஃபார்மிலோ 38 பதில்கள் என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தால், முதல் படத்தின் கடைசிக் கருத்தே இரண்டாவது படத்தின் தொடக்கத்திலும் இருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலும் அதே கதை. படம் எடுப்பவர் திரையைக் கொஞ்சம் நகர்த்தி எடுப்பதால் இப்படி ஆகும். இந்த எண் சரியாகும் வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் தலைப்பு வைப்பது. முதலில் 'தண்ணீர்' என்று ஒரு தலைப்பு வைத்தேன், கிட்டத்தட்ட எல்லோரும் அதில் விழுந்தார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. முதல் பதினைந்து கருத்துகளைப் படித்துவிட்டு, சரிசெய்ய என்ன வேலை நடக்க வேண்டும் என்பதை வைத்துப் பிரித்தேன்: இடைவெளி, நேரம், உப்பு, கசிவு. கூடவே குறையில்லை, மற்றவை. இந்த ஆறும் B முதல் G வரை.

ஒரு கருத்தைப் பாருங்கள்: "காவிரித் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவதான் வருது, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு. போர் தண்ணி வாயில வைக்க முடியல, கரிக்குது." இதில் இடைவெளி, நேரம், உப்பு மூன்றும் இருக்கின்றன. மூன்று கட்டத்திலும் 1 போடுங்கள். ஒரு கருத்துக்கு ஒரு தலைப்புதான் என்று வைத்தால் மற்ற இரண்டும் கணக்கில் வராமலே போய்விடும்.

சொல்லைத் தேடி எண்ணிவிடலாமே என்று தோன்றும். நானும் செய்து பார்த்தேன்:

```
=COUNTIF(A2:A39,"*உப்பு*")
```

10 என்று வந்தது. படித்துப் பார்த்தால் அதில் மூன்று பேர் "இப்ப உப்பு இல்ல, பரவாயில்ல" என்று எழுதியிருக்கிறார்கள். 'கரிக்குது' என்று மட்டும் எழுதிய இரண்டு பேர் தேடலில் வரவே இல்லை. சரியான எண்ணிக்கை 9. முப்பது, நாற்பது கருத்துகள் என்றால் கண்ணால் படித்து 1 போடுவதையே நான் சொல்வேன். சொற்களைப் பெரிதும் சிறிதுமாகக் காட்டும் படங்களை நான் விரும்புவதில்லை. 'இல்ல' என்ற சொல் அதில் காணாமல் போய்விடுகிறது.

முடித்ததும் 40-ஆம் வரிசையில் கூட்டுத்தொகை:

```
=SUM(B2:B39)
```

இதை G வரை இழுத்துவிடுங்கள். எனக்கு வந்தது: இடைவெளி 17, நேரம் 11, உப்பு 9, கசிவு 6, குறையில்லை 4, மற்றவை 3. கூட்டினால் 50. ஆனால் எழுதியவர்கள் 38 பேர்தான். ஒருவரே இரண்டு மூன்று குறை சொல்வதால் இது தப்பில்லை. சதவீதம் போடும்போது மட்டும் 38-ஆல் வகுக்க வேண்டும். 38 பேரில் 17 பேர், அதாவது 45 சதவீதம் பேர், இடைவெளியைச் சொல்கிறார்கள். 50-ஆல் வகுத்திருந்தால் 34 என்று குறைந்திருக்கும்.

H2-வில் =SUM(B2:G2) போட்டு 39-ஆம் வரிசை வரை இழுங்கள். எங்காவது 0 வந்தால் அந்தக் கருத்துக்கு எதுவும் குறிக்காமல் விட்டிருக்கிறீர்கள். மறுநாள், குறித்ததைப் பார்க்காமல், பத்துக் கருத்துகளை மறுபடி பிரித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு மாறியது. இரண்டுமே 'நேரம்', 'இடைவெளி' குழப்பம். "எப்ப வரும்னே தெரியல" என்பதை எதில் சேர்ப்பது என்று நான் முடிவு செய்யவே இல்லை. நேரம் என்று முடிவு செய்து ஷீட்டின் ஓரத்தில் எழுதி வைத்த பிறகுதான் மேலே உள்ள எண்கள் நிலைத்தன.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி, படத்திலிருந்து Google Docs எடுத்துத் தரும் எழுத்தில் கால் எழுத்து 'ர' என்று மாறி வருவதாக எழுதியிருந்தார். எனக்கும் சில இடங்களில் வந்தது. 'ராத்திரி' என்பது 'ரரத்திரி' என்று நின்றால் தேடலில் கிடைக்காது. ஒட்டியதும் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள்.