நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால்

யுபிஎஸ்சி ஆளுமைத் தேர்வில் நீங்கள் உள்ளே போகும் முன்பே, நீங்கள் நிரப்பிக் கொடுத்த விரிவான விண்ணப்பத்தின் விவரங்கள் நேர்காணல் குழுவிடம் இருக்கும். ஊர், படிப்பு, வேலை, பொழுதுபோக்கு எல்லாம் அதில் உண்டு. அதையே ஒப்பிப்பதில் பயனில்லை. ஒரு நிமிடத்துக்குள், அதில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

"கடின உழைப்பாளி", "தலைமைப் பண்பு உள்ளவன்" போன்ற சொற்களை முதலில் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் செய்த வேலையை வையுங்கள். இப்படி:

"ஐயா, திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா நெல் விவசாயி. சிவில் இன்ஜினியரிங் முடித்து, இரண்டு வருடம் குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்தேன். ஆறு பேர் கொண்ட குழு; குழாயில் கசிவு பார்ப்பது என் பொறுப்பு."

குழு செய்தது, தான் செய்தது இரண்டும் பிரிந்து நிற்கின்றன பாருங்கள். பணிவு அங்கேதான் இருக்கிறது. "நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை" என்று குறுகினால், "அப்படியானால் அந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேள்வி வரும்.

வீட்டு வறுமையை மறைக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். "அப்பா நெல் விவசாயி" போதும். ஆனால் அதைச் சொன்னால் குறுவை, கொள்முதல் விலை, மேட்டூர் அணைத் திறப்பு வரை கேட்பார்கள். பதில் தெரியாத சொல்லை அறிமுகத்தில் வைக்காதீர்கள்.