தைப் பனி கடலில் இருந்து வருகிறதா? ஊதுபத்தியும் சில்வர் ரம்ளரும் வைத்து மூடுபனியைக் கண்டுபிடிக்கும் முறை

தை மாதத்தில் ஒருநாள் விடியப்புறம் ஐந்து மணிக்கு, மாமாவைக் கூட்டிவர வெள்ளவத்தையில் இருந்து கட்டுநாயக்கவுக்குப் புறப்பட்டோம். வீட்டு வாசலில் நின்றபோது வானம் முழுக்க நட்சத்திரம். ஹைவேயில் முத்துராஜவெல சதுப்பு நிலத்தை நெருங்கியதும் முன்னால் போன வாகனத்தின் சிவப்பு லைட் அப்படியே வெள்ளைக்குள் கரைந்துவிட்டது. "கடல் பனி தம்பி, கடலால ஏறி வருது" என்றார் ஓட்டுநர்.

அவர் சொன்னது சரியென்றால், கடற்கரையில் இருக்கிற வெள்ளவத்தை அல்லவா முதலில் மூடியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு வகை மூடுபனியையும் பிரித்தறியலாம். ஒன்று இருந்த இடத்திலேயே பிறப்பது, அது கதிர்வீச்சு மூடுபனி. மற்றது காற்றோடு இன்னோர் இடத்துக்கு நகர்ந்துபோய்ப் பிறப்பது. அதை அட்வெக்‌ஷன் மூடுபனி என்பார்கள். தேவையானவை: ஒரு சில்வர் ரம்ளர், கொஞ்சம் ஐஸ், சமையலறை வெப்பமானி, ஒரு ஊதுபத்தி.

படி 1: பனிபடுநிலையை அளவிடுங்கள்

பின்னேரம் ஏழு மணிபோல் ரம்ளரில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து வெளியே வையுங்கள். ஐஸைச் சிறிது சிறிதாகப் போட்டு, வெப்பமானியாலேயே மெதுவாகக் கலக்குங்கள். பளபளப்பான வெளிப்புறம் எந்த வெப்பநிலையில் மங்கத் தொடங்குகிறதோ, அதுதான் அன்றைய வளியின் பனிபடுநிலை. விரலால் ஒரு கோடு கீறிப் பாருங்கள், மங்கல் இருந்தால் கோடு தெரியும். கொழும்பில் தை மாதத்தில் இது பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியஸ் அளவில் வரும். ஐஸை ஒரேயடியாகக் கொட்டினால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள், குறைவான எண்தான் கிடைக்கும்.

ரம்ளர் இல்லையென்றால் போனில் காட்டும் வெப்பநிலையையும் சாரீரப்பதனையும் எடுங்கள். நூறில் இருந்து சாரீரப்பதனைக் கழித்து, ஐந்தால் பிரித்து, வரும் விடையை வெப்பநிலையில் இருந்து கழித்தால் பனிபடுநிலை ஓரளவு வந்துவிடும். ஈரப்பதன் கூடிய எங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு போதும்.

படி 2: வானத்தைப் பாருங்கள்

தரை இரவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். முகில் இருந்தால் அது அந்த வெப்பத்தை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்பும். போர்வை போர்த்தினது மாதிரித்தான். முகில் இல்லாவிட்டால் வெப்பத்தில் பெரும்பகுதி போனது போனதுதான். தரை முதலில் குளிரும், பிறகு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வளி குளிரும். அது பனிபடுநிலைக்குக் கீழே இறங்கினால் நீராவி துளியாக வேண்டும்.

எல்லாத் தரையும் ஒரேமாதிரிக் குளிராது. புல்லின் இலை மெல்லியது, மண்ணின் சூடும் அதற்கு எளிதில் ஏறாது, அதனால் கெதியாகக் குளிர்ந்துவிடும். காலி வீதியின் தாரும் மாடிக்கட்டடங்களும் பகலில் குடித்த வெயிலை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும். வெள்ளவத்தையில் நட்சத்திரமும் ஹங்வெல்ல வயலில் மூடுபனியும் ஒரே இரவில் இருப்பதற்கு முக்கிய காரணம் இதுதான்.

படி 3: ஊதுபத்தியைக் கொளுத்துங்கள்

பலர் தடுமாறுவது இங்கேதான். "காற்று அசையாத இரவில் மூடுபனி வரும்" என்று பாடசாலையில் படித்திருப்போம். முழுக்க அசையாவிட்டால் பெரும்பாலும் மூடுபனி வராது, புல்லில் பனித்துளிதான் வரும். குளிர்ந்த வளி தரையோடு ஒட்டிய மெல்லிய படலமாகவே நின்றுவிடும், அதிலுள்ள நீராவி நேரே புல்லில் படிந்து தீர்ந்துபோகும். மிஞ்சினால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் படலம்.

அந்தக் குளிரைச் சில மீற்றர் உயரத்துக்காவது கலந்து கொடுக்க ஒரு மெல்லிய அசைவு வேண்டும். ஊதுபத்தியை வெட்டவெளியில் குத்தி வையுங்கள். புகை நேரே மேலே போனால் காற்று மணிக்கு ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு: பனித்துளி இரவு. புகை சோம்பலாக ஒரு பக்கம் சாய்ந்தால் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வரை: இதுதான் மூடுபனிக்குத் தோதான இரவு. புகை கிழிந்து சிதறினால் மேலேயுள்ள சூடான, உலர்ந்த வளி கீழே கலந்துவிடும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஓர் இரவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஹங்வெல்லப் பக்கம் ஒரு வளவு. மத்தியானம் ஒரு மழை பெய்து நிலம் ஈரம், பின்னேரம் வானம் வெளித்துவிட்டது. ஏழு மணிக்கு 26 பாகை, சாரீரப்பதன் 85 சதவீதம். கணக்குப்படி பனிபடுநிலை 23. நள்ளிரவுக்கு முன்பே வளி அந்த 23ஐத் தொட்டுவிடுகிறது. ஆனாலும் மூடுபனி இல்லை! புல்லில் துளி படியப் படிய வளியின் ஈரம் குறைகிறது, பனிபடுநிலையும் கூடவே இறங்குகிறது. வெப்பநிலை அதைத் துரத்திக்கொண்டு போகிறது. விடியப்புறம் நாலு மணிக்கு, 21 பாகைக்குக் கிட்ட, புகை சாயும் அளவுக்கு ஓர் அசைவு வந்ததும்தான் வளவு வெள்ளையாகிறது.

வெள்ளையாக்கத் தேவைப்படும் நீர் மிகக் கொஞ்சம். ஒரு கன மீற்றர் வளியில் ஒரு கிராமில் பத்தில் ஓரிரண்டு பங்கு துளிகளாகத் தொங்கினாலே நூறு மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போகலாம். இன்னொரு விசேஷம்: சூரியன் எழுந்ததும் குறையும் என்று நினைப்போம், ஆனால் முதல் அரைமணி நேரம் அடர்த்தி கூடுவதும் உண்டு. இளவெயில் புல்லின் பனியை ஆவியாக்கி, வளியையும் லேசாகக் கலக்கிவிடும். வாகனம் ஓட்டுபவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

படி 4: "கடல் பனி" தானா என்று சோதியுங்கள்

அட்வெக்‌ஷன் வகைக்கு இரவும் வேண்டாம், தெளிந்த வானமும் வேண்டாம். சூடான ஈரக் காற்று, தன் பனிபடுநிலையைவிடக் குளிர்ந்த ஒரு பரப்பின்மேல் நகர்ந்தால் போதும். சான் பிரான்சிஸ்கோவில் கோடையில் நடப்பது இது. அங்கே ஆழத்துக் குளிர்நீர் மேலே வருவதால் கடல் பதின்மூன்று பாகை அளவில்தான் இருக்கும். பட்டப்பகலில், நல்ல காற்றோடு, மூடுபனி கரைக்குள் உருண்டு வரும். நாட்கணக்கில் நிற்கவும் செய்யும்.

எங்கள் கடலுக்கு அதே கணக்கைப் போடுங்கள். தை மாதத்திலும் கொழும்புக் கரையோரக் கடல் ஏறக்குறைய 27, 28 பாகை. வளியின் பனிபடுநிலை 23. கடல் வளியைக் குளிராக்க வழியே இல்லை, சூடாக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு இரவில் காற்று பெரும்பாலும் தரையில் இருந்து கடலுக்குப் போகும். நுவரெலியாவில் பகலில் வந்து மூடுவதும் பெரும்பாலும் இதல்ல, மலைச்சரிவில் ஏறிக் குளிரும் முகில்.

படி 5: விமான நிலைய அறிக்கையைப் படியுங்கள்

கட்டுநாயக்கவின் குறியீடு VCBI. மூடுபனி நாளில் அதன் வானிலை அறிக்கை இப்படி இருக்கும் (இது நான் எழுதிய மாதிரி):

```
VCBI 280010Z 00000KT 0600 FG NSC 22/22 Q1011
```

0010Z என்பது எங்கள் நேரம் காலை 5.40. 00000KT காற்று மணிக்கு இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு, 0600 பார்வைத் தூரம் மீற்றரில், FG மூடுபனி, NSC குறிப்பிடத்தக்க முகில் இல்லை. 22/22 இல் முதலாவது வெப்பநிலை, அடுத்தது பனிபடுநிலை. இரண்டும் ஒன்றாகிவிட்டன. FG இருந்த இடத்தில் BR என்றிருந்தால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் தெரியும் மென்பனி. HZ என்று போட்டு, இரண்டு எண்ணுக்கும் இடையில் நாலைந்து பாகை இருந்தால் அது வெறும் தூசியும் புகையும், வெயில் ஏறியதால் மட்டும் போய்விடாது.

அன்று மாமாவின் விமானம் வானில் சுற்றிக்கொண்டிருந்தபோது நானும் போனில் அந்த இரண்டு எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்குப் பிறகு முதலாவது எண் ஒன்று கூடியது. கொஞ்ச நேரத்தில் ஓடுபாதையின் மறுகரைத் தென்னைகள் அடிமரத்தில் இருந்து தெரியத் தொடங்கின, வட்டுகள் மட்டும் இன்னும் வெள்ளைக்குள். தரை சூடாகிக் கீழிருந்து கரைகிறது. ஓட்டுநர் தேத்தண்ணிக் கப்போடு அதைப் பார்த்துவிட்டு, "அப்ப கடலால வரேல்லையோ?" என்றார்.